வட்டி ஏறும்போது தென்னை விழுவதும் ஐஸ் தப்புவதும்

"அண்ணா, பளையில் அப்பாவின் காணி ஐந்து ஏக்கர் சும்மா கிடக்கிறது. அதில் தென்னை வைப்பதா, இல்லையென்றால் குருநகரில் மீனவர்களுக்கு ஐஸ் போட்டுக் கொடுக்கும் தொழில் தொடங்குவதா என்று கணக்குப் பார்த்தேன். இரண்டுக்கும் 50 லட்சம் தேவை. 12 சதவீதத்தில் இரண்டின் என்பிவியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வருகிறது. வங்கி முகாமையாளர் 15 சதவீதம் போட்டுப் பார்க்கச் சொன்னார். தென்னை நட்டத்துக்குப் போய்விட்டது, ஐஸ் தப்பிவிட்டது. 'டியூரேஷன் வித்தியாசம்' என்றார், எனக்கு விளங்கவில்லை. எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு வழி இருக்கிறதா?"

இருக்கிறது, தம்பி. நீங்கள் அனுப்பிய தாளில் உள்ள எண்களை வைத்தே பார்ப்போம்.

ஐஸ்: இன்று 50 லட்சம் போடுகிறீர்கள், பிறகு ஐந்து வருடத்துக்கு வருடம் 16 லட்சம் கையில் வருகிறது. தென்னை: கிணறு, பம்ப், வேலி, பிள்ளை, முதல் ஐந்து வருடப் பராமரிப்பு எல்லாவற்றையும் 50 லட்சத்துக்குள் அடக்கியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் ஒன்றும் வராது. ஆறாம் வருடத்தில் இருந்து இருபதாம் வருடம் வரை வருடம் 15 லட்சம். (ஆறாம் வருடமே முழு விளைச்சல் என்று போட்டது கொஞ்சம் தாராளம். பாளை தள்ளத் தொடங்குகிற வருடமும் மரம் நன்றாகக் காய்க்கிற வருடமும் ஒன்றல்ல. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

பிறகு வரும் காசு இன்றைய காசில் எவ்வளவுக்குச் சமம் என்பதுதான் இற்றைப் பெறுமதி. அதைக் கண்டுபிடிக்க வருடா வருடம் வெட்டும் சதவீதம்தான் கழிவு வீதம். 12 சதவீதத்தில் ஐஸ் தரும் காசின் இற்றைப் பெறுமதி 57.68 லட்சம். தென்னையுடையது 57.97 லட்சம். போட்ட 50 லட்சத்தைக் கழித்து மிஞ்சுவதுதான் என்பிவி: முறையே 7.68, 7.97. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இந்த 57 லட்சம் எந்தெந்த வருடங்களில் இருந்து சேர்ந்து வந்தது என்பது இரண்டிலும் வேறு. டியூரேஷன் அளப்பது அதைத்தான்.

ஒரு நீளமான காவுதடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1, 2, 3 என்று வருடங்களைக் குறித்து, ஒவ்வொரு வருடத்திலும் வரும் காசின் இற்றைப் பெறுமதியை அந்தந்தக் குறியில் பாரமாகத் தூக்கிவிடுங்கள். தடியின் பாரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எந்த இடத்தில் தோளைக் கொடுத்தால் தடி சாயாமல் நிற்குமோ, அந்த இடம்தான் டியூரேஷன். ஐஸின் பாரங்கள் இவை:

| வருடம் | இற்றைப் பெறுமதி (லட்சம்) | வருடம் × பெறுமதி |
|---|---|---|
| 1 | 14.29 | 14.29 |
| 2 | 12.76 | 25.51 |
| 3 | 11.39 | 34.17 |
| 4 | 10.17 | 40.67 |
| 5 | 9.08 | 45.39 |
| மொத்தம் | 57.68 | 160.03 |

160.03ஐ 57.68 ஆல் பிரித்தால் 2.77 வருடம். தென்னைக்கு இதே கணக்கைச் செய்தால் 10.98 வருடம், கிட்டத்தட்ட 11. காசைத் திருப்பி எடுக்கும் காலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். போட்ட 50 லட்சம் எப்போது திரும்பும் என்பது வேறு கேள்வி. வருகிற காசின் கனம் சராசரியாக எந்த வருடத்தில் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

அந்த இடம் தெரிந்தால் மீதிக் கணக்கு சுலபம். ஐஸின் காசு முழுவதும் ஒரே நாளில், இன்றிலிருந்து 2.77 வருடம் கழித்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தென்னையின் காசு முழுவதும் 11 வருடம் கழித்து ஒரே நாளில் வருகிறது. கழிவு வீதம் ஒரு புள்ளி, அதாவது 12இல் இருந்து 13 சதவீதத்துக்கு, ஏறும்போது, தூரத்தில் இருக்கும் காசை அந்தக் கூடுதல் புள்ளி பதினொரு முறை வெட்டுகிறது. கிட்ட இருக்கும் காசை மூன்று முறைகூட வெட்டவில்லை. முகாமையாளர் சொன்ன வித்தியாசம் இதுதான்.

கணக்காகச் சொன்னால், டியூரேஷனை 1.12 ஆல் பிரிக்க வேண்டும். ஐஸுக்கு 2.48, தென்னைக்கு 9.80 வரும். வீதம் ஒரு புள்ளி ஏறினால் உள்வரும் காசின் இற்றைப் பெறுமதி சுமார் இத்தனை சதவீதம் விழும். ரூபாயில் ஐஸுக்கு 57.68இல் 2.48 சதவீதம், அதாவது 1.43 லட்சம். தென்னைக்கு 57.97இல் 9.80 சதவீதம், 5.68 லட்சம். 13 சதவீதத்தில் முழுக்கணக்கையும் போட்டுப் பார்த்தேன்: ஐஸ் 1.40 லட்சம் விழுகிறது, தென்னை 5.36 லட்சம் விழுகிறது. ஒரு புள்ளிக்கு மதிப்பீடு நன்றாகவே பொருந்துகிறது.

இங்கே ஒரு இடத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். தென்னையின் இற்றைப் பெறுமதி விழுந்தது 9 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் என்பிவி 7.97இல் இருந்து 2.61க்கு வந்துவிட்டது, மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஐஸின் என்பிவியும் 7.68இல் இருந்து 6.28க்கு வந்தது, 18 சதவீதம் போனது. காரணம் சின்னது. இன்று போடும் 50 லட்சம் இன்றைய காசு, எந்த வீதத்தைப் போட்டாலும் அது 50 லட்சம்தான். விழுகிற முழு ரூபாயையும் மேலே மிஞ்சியிருக்கும் மெல்லிய படலத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். 57.97 லட்சத்தின் அடியை 7.97 லட்சம் தாங்குகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திட்ட அறிக்கையில், பூச்சிய வருடத்து முதலீட்டையும் சேர்த்து, கீழே உள்வரும் காசின் பெறுமதிக்குப் பதிலாக என்பிவியைப் போட்டுப் பிரித்துவிட்டேன். ஐந்தே வருடம் ஓடும் திட்டத்துக்கு டியூரேஷன் இருபது வருடத்துக்கு மேல் வந்தது. அப்படியே அச்சடித்து மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டேன். அவர் வாசித்துவிட்டு, "தம்பி, மெஷின் செத்த பிறகும் காசு வருமோ?" என்று மட்டும் கேட்டார். உங்கள் ஐஸுக்கும் அதே பிழையைச் செய்தால் 160.03ஐ 7.68 ஆல் பிரித்து 20.8 வரும். தென்னைக்கு 80 வருடம் வரும். காலமாகப் பார்த்தால் இவை வெறும் அபத்தம். ஆனாலும் அந்த 80ஐ 1.12 ஆல் பிரித்தால் 71 வருகிறது. ஒரு புள்ளிக்கு என்பிவி சுமார் 71 சதவீதம் விழும் என்கிறது, உண்மையில் 67 விழுந்தது. உணர்திறனைச் சொல்லும் எண்ணாக அது சரியானதுதான், 'வருடம்' என்று பெயர் வைத்ததுதான் பிழை. என்பிவி பூச்சியத்தை நெருங்க நெருங்க இந்த எண் வானத்துக்கு ஏறும் என்பதால் நான் அதை விட்டுவிட்டு ரூபாயிலேயே பேசுவேன்.

ரூபாயில் பேசினால் பயன்படும் ஒரு எண் கிடைக்கிறது. என்பிவியை ஒரு புள்ளிக்கு விழும் ரூபாயால் பிரியுங்கள். தென்னைக்கு 7.97 ÷ 5.68 = 1.4. ஐஸுக்கு 7.68 ÷ 1.43 = 5.4. தென்னை இன்னும் ஒன்றரைப் புள்ளி வரைதான் தாங்கும், ஐஸ் ஐந்து புள்ளிக்கு மேல் தாங்கும். என்பிவி பூச்சியமாகும் வீதத்தை நேரடியாகத் தேடிப் பார்த்தால் தென்னைக்கு 13.5, ஐஸுக்கு 18 சதவீதம் வருகிறது. முகாமையாளர் 15 என்றதும் ஒன்று விழுந்து மற்றது நின்றதற்கு இதுதான் காரணம். அந்த வீதத்தில் ஐஸுக்கு 3.63 லட்சம் மிஞ்சுகிறது, தென்னைக்கு 6.39 லட்சம் குறைகிறது.

எக்செல்லில் செய்வதென்றால், A2இல் தொடங்கி A நிரலில் வருடம், B2இல் தொடங்கி B நிரலில் அந்த வருடத்துக் காசு, E1இல் வீதம் போட்டு இந்த இரண்டு வரிகளை எழுதுங்கள். முதல் வரி இற்றைப் பெறுமதியையும் இரண்டாவது வரி டியூரேஷனையும் தரும்:

```
=NPV($E$1,B2:B21)
=SUMPRODUCT(A2:A21,B2:B21,(1+$E$1)^-A2:A21)/NPV($E$1,B2:B21)
```

இன்றைய 50 லட்சத்தை இந்த வரிசைக்குள் சேர்க்காமல் வெளியே கழியுங்கள், ஏனென்றால் NPV முதல் கட்டத்தில் இருப்பதையே ஒரு வருடம் கழித்து வரும் காசாக எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பொல்லாதது வெற்றுக் கட்டம். தென்னையின் முதல் ஐந்து வருடங்களுக்கு 0 என்று அடிக்காமல் வெறுமையாக விட்டால், NPV அந்த ஐந்து கட்டத்தையும் தாண்டிப்போய் அடுத்த வருடமே தேங்காய் விழுகிறது என்று கணக்குப் போடும். 57.97 வர வேண்டிய இடத்தில் 102 லட்சம் வரும். எண் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருந்தால் முதலில் வெற்றுக் கட்டத்தைத் தேடுங்கள். DURATION என்று எக்செல்லில் ஒரு கட்டளையும் இருக்கிறது. அது கடன் பத்திரங்களுக்கானது, இதற்குச் சரிவராது.

இனி, வீதம் கொஞ்சமாக ஏறாமல் பெரிதாக ஏறினால்? நம் ஊரில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2022 ஏப்ரல் 8ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு புள்ளி ஏற்றியது, அது வங்கிகளுக்குக் கடன் வழங்கும் வீதம் 7.5இல் இருந்து 14.5க்குப் போனது. உங்கள் 12க்கும் அதே ஏழைக் கூட்டி 19 ஆக்கிப் பாருங்கள். நேர்க்கோட்டுக் கணக்கு தென்னைக்கு 7 × 5.68, அதாவது 39.8 லட்சம் விழும் என்கிறது. 57.97இல் 18 லட்சம்தான் மிஞ்ச வேண்டும். முழுக்கணக்கில் 30.65 லட்சம் மிஞ்சுகிறது. பிழை 12 லட்சத்துக்கு மேல்.

முதல் புள்ளி வெட்டியது 58 லட்சத்தை. ஏழாவது புள்ளி வரும்போது வெட்டுவதற்கு அவ்வளவு மிச்சமில்லை. தூரத்துக் காசு சுருங்கச் சுருங்கக் காவுதடியின் தோள் இடமும் இந்தப் பக்கம் நகர்கிறது. ஆகவே வீதம் ஏறும்போது நேர்க்கோடு எப்போதும் வீழ்ச்சியை மிகைப்படுத்திச் சொல்லும், ஏற்றம் கூடக்கூட மிகையும் கூடும். தென்னை மாதிரி நீண்ட திட்டத்தில் இது பெரிது. ஐஸில் கண்டுகொள்ளத் தேவையில்லை.

இதற்கு நான் பழைய ஒரே நாள் உருவகத்துக்கே திரும்பிப் போவேன். காசு முழுவதும் 10.98 வருடம் கழித்து வருகிறது என்றால், புதிய பெறுமதி

```
57.97 × (1.12 / 1.19)^10.98
```

இது 29.8 தருகிறது. உண்மை 30.65. பெருக்கிக் கழிப்பதற்குப் பதில் அடுக்கில் ஏற்றியதால் 12 லட்சம் பிழை ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. முகாமையாளரின் 15 சதவீதத்துக்கு இதே வழியில் 43.4 வரும், முழுக்கணக்கு 43.6. கைத்தொலைபேசிக் கல்குலேட்டரில் வங்கி வாசலில் நின்றே செய்துவிடலாம்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் ஒரு எடுகோளின் மேல் நிற்கிறது: வீதம் ஏறினால் இருபது வருடத்துக்கும் ஏறியே இருக்கும். டியூரேஷனுக்குள் அந்த எடுகோள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நெருக்கடியில் ஏறும் வட்டி அப்படி நிற்பதில்லை. 2023 மார்ச்சில் 16.5 வரை போன அதே கடன் வழங்கும் வீதம் அந்த வருடம் ஜூனிலேயே 14க்கு இறங்கியது, பிறகும் இறங்கியது.

அதனால் இப்படிப் பார்ப்போம். முதல் இரண்டு வருடம் மட்டும் 19 சதவீதம், பிறகு பழைய 12. தென்னையின் காசு எல்லாம் அந்த இரண்டு வருடத்தையும் கடந்துதான் வருகிறது, ஆகவே எல்லாவற்றிலும் இரண்டு வெட்டு விழுகிறது: பெறுமதி 51.35, என்பிவி 1.35. ஐஸில் முதல் வருடக் காசுக்கு ஒரு வெட்டு, மற்ற நான்கு வருடத்துக்கும் இரண்டிரண்டு வெட்டு: பெறுமதி 51.88, என்பிவி 1.88. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விழுந்திருக்கின்றன! டியூரேஷன் நான்கு மடங்கு வித்தியாசம் சொன்னது, இங்கே அது காணாமல் போய்விட்டது. முதலாம் இரண்டாம் வருடங்களில் வட்டி என்ன செய்தாலும், பதினைந்தாம் வருடக் காசுக்கும் நான்காம் வருடக் காசுக்கும் அதனால் விழும் வெட்டு ஒன்றேதான். எனவே 'வட்டி ஏறிவிட்டது, நீண்ட திட்டத்தைக் கைவிடு' என்று யாராவது சொன்னால், எத்தனை வருடத்துக்கு ஏறியது என்று கேளுங்கள். குறுகிய கால வட்டியைத் தூக்கி இருபது வருடத்துக்கும் போடுவது தென்னைக்குச் செய்கிற அநியாயம்.

கடைசியாக, உங்கள் தாளில் என் கண்ணில் பட்ட விஷயம். தேங்காய்க்கு இன்றைய விலையைப் போட்டு அதையே இருபதாம் வருடம் வரை கொண்டுபோயிருக்கிறீர்கள். 12 சதவீதத்திலேயே அது தென்னைக்குப் பாதகம். அதன் மேல் வீதத்தை 15 ஆக்கும்போது பாதகம் இரட்டிக்கிறது. முகாமையாளரின் 3 புள்ளி எங்கிருந்து வந்தது? பணவீக்கம் கூடும் என்ற எதிர்பார்ப்பில் இருந்து வந்திருந்தால், அதே பணவீக்கம் தேங்காய் விலையையும் தூக்கும். வீதத்தை மட்டும் ஏற்றி விலையை அப்படியே விடுவது, தராசில் ஒரு தட்டில் மட்டும் படி வைப்பது மாதிரி.

3 புள்ளியில் 2 புள்ளி பணவீக்கம் என்று வைத்து, தென்னையின் தேறிய காசு வருடா வருடம் 2 சதவீதம் கூடுவதாகப் போட்டுப் பார்த்தேன். கழிவு வீதம் 15 ஆகவே இருக்கட்டும். 1.15ஐ 1.02 ஆல் பிரித்தால் 1.1275, அதாவது திட்டம் உணர்வது 12.75 சதவீதத்தைத்தான். பெறுமதி 53.92 லட்சம், என்பிவி 3.92 லட்சம் கூடுதல். 6.39 லட்சம் குறைகிறது என்று உங்களை விரட்டிய அதே தென்னை, அதே 15 சதவீதத்தில் நிற்கிறது.

ஐஸுக்கும் இதே சலுகையைக் கொடுக்கலாமா என்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐஸ் தொழிலின் பெரிய செலவு மின்சாரம். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதம். மீனவரிடம் ஐஸ் விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியாது. கடலுக்குப் போகும் படகே எண்ணெய் விலையால் குறைந்துவிடும். அந்த மாதிரி நேரத்தில் ஐஸின் 16 லட்சம் ஏறாது, இறங்கும். டியூரேஷன் 2.77 என்று பார்த்து 'வட்டிக்குப் பாதுகாப்பு' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, அடி கழிவு வீதம் வழியாக வராமல் காசு வழியாக வரும். இந்தக் கணக்கு அதைக் காட்டாது, தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முகாமையாளரிடம் திரும்பிப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த 15 சதவீதம் எத்தனை வருடத்துக்கு, அதற்குள் பணவீக்கம் எவ்வளவு. அவர் 'இருபது வருடத்துக்கும், பணவீக்கம் கழித்த பிறகு' என்று சொன்னால் தென்னையை விட்டுவிடுங்கள். அப்படிச் சொல்ல மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். போவதற்கு முன் ஆறாம், ஏழாம் வருட விளைச்சலைக் குறைத்துப் போட்டு டியூரேஷனை மறுபடி எடுத்துப் பாருங்கள். அது 11ஐத் தாண்டும், என்பிவியும் கொஞ்சம் மெலியும். அந்தத் தாளையே அவரிடம் காட்டுங்கள்.